பிறவி நிறமின்மையைத் தலைமுறைகளூடாகத் தேடுவது எப்படி: வம்சாவளி வரைபடமும் புனட் சதுரமும்

புனட் சதுரம் கீறத் தெரிந்த உயர்தர மாணவர்களிடம் ஒரு பரம்பரை இயல்பு உள்ள குடும்பத்தின் விபரத்தைக் கொடுத்து, அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த இயல்பு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கேட்டால், பெரும்பாலோர் உடனே நான்கு கட்டங்களைக் கீறி 1/4 என்று எழுதிவிடுகிறார்கள். கட்டத்தின் ஓரங்களில் எழுதிய எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருப்பதில்லை. பெற்றோரிடம் எந்த எதிருருக்கள், அதாவது ஒரே பரம்பரையலகின் எந்த மாற்று வடிவங்கள், உள்ளன என்பதைச் சதுரம் சொல்லாது. அதை வம்சாவளி வரைபடத்திலிருந்துதான் பெற வேண்டும். ஆகவே வரைபடம் முதலிலும் சதுரம் பின்னரும் வர வேண்டும். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கிலேயே செல்கிறது.

எடுத்துக்காட்டாக அல்பினிசம் எனப்படும் பிறவி நிறமின்மையை எடுத்துக்கொள்கிறேன். மெலனின் என்னும் நிறப்பொருள் உருவாகாமலோ மிகக் குறைவாக உருவாகியோ இருப்பதால் தோல், மயிர், கண் ஆகியவை பிறப்பிலிருந்தே வெளிறியிருக்கும் நிலை அது. குடும்பம் கற்பனையானது, மல்லாவிப் பக்கத்தில் மச்சானும் மச்சாளும் திருமணம் செய்துகொண்ட ஒரு வீட்டை மனத்தில் வைத்து அமைத்திருக்கிறேன். வன்னியில் வரைபடம் கீற முனைபவர் இத்தகைய திருமணத்தை எப்படியும் சந்திப்பார். கணக்கு உண்மையிலேயே சிக்கலாவதும் அங்கேதான்.

1. இயல்பை வரையறுத்துக்கொள்ளுங்கள்

யாரை நிழலிட்டுக் காட்டப் போகிறோம் என்பதை, வீட்டு வாசலுக்குப் போகும் முன்னரே ஒரு வசனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "பிறந்த நாளிலிருந்தே தோலும் மயிரும் வெளிறியிருந்து, கண்கள் வெளிச்சத்தைத் தாங்காமல் கூசுபவர்" என்பது போதுமான வரையறை. "வெள்ளையாக இருப்பவர்" என்பது போதாது.

காரணம் எளியது. இடை வயதில் தோலில் திட்டுத்திட்டாக நிறம் போகும் வெண்புள்ளியையும், தீக்காயம் ஆறிய வெளிறிய தழும்பையும் வீட்டார் இதே பேச்சில் சேர்த்துச் சொல்லக்கூடும். அவற்றில் ஒன்றையேனும் அல்பினிசம் என்று நிழலிட்டுவிட்டால், இயல்பு தலைமுறை தவறாமல் வருவதுபோல் வரைபடம் தோன்றும். அதன்பின் வரும் முடிவுகள் யாவும் பிழைத்துப்போகும். சந்தேகம் வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிறக்கும்போதே அப்படியா? கண்மணிகள் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டிருந்தனவா? கண் அசைவும் மங்கலான பார்வையும் அல்பினிசத்துடன் பெரும்பாலும் சேர்ந்தே வரும். வெண்புள்ளியில் அவ்வாறு வருவதில்லை.

2. விபரம் திரட்டுங்கள்

பென்சில், அழிறப்பர், குறுக்காகப் பிடித்த ஏ4 தாள் ஆகியவையே தேவை. பேனாவால் தொடங்குபவர் மூன்றாவது பிள்ளை நினைவுக்கு வந்தவுடன் முழுத்தாளையும் திருப்பி எழுத நேரும்.

இயல்பு உள்ள ஒருவரிலிருந்தோ, அவரைப் பற்றி விசாரிக்கும் நெருங்கிய உறவினரிலிருந்தோ தொடங்கி, முதலில் அவருடைய உடன்பிறந்தோர், பிறகு பெற்றோர், பிறகு பெற்றோரின் உடன்பிறந்தோர் என்று மேலே செல்லுங்கள். மூத்த ஒருவரிடம் "உங்கள் வம்சத்தைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஊர்ப்பெருமைதான் வரும். பிள்ளைகளின் ஒழுங்கு வராது.

உறவுப்பெயரை மட்டும் நம்பி யாரையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டாம். பெரியப்பாவின் மகனும் அண்ணைதான், உடன்பிறந்தவரும் அண்ணைதான். தாயின் தங்கையும் சின்னம்மா, தகப்பனின் இரண்டாம் தாரமும் சின்னம்மா. பேச்சில் இவை குழப்பம் தருவதில்லை, வரைபடத்தில் ஒரு கோடு முழுவதுமே மாறிவிடும். "ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களா?" என்று ஒவ்வொருவருக்கும் கேட்பது சலிப்பான வேலை, வேறு வழியில்லை.

வன்னியில் இன்னும் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். போரில் பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் அவர்களின் பிள்ளையாகவே வளர்ந்தவர்கள் பலர். அவர்களை வளர்த்தவர்களோடு முறிகோட்டாலும், பெற்றவர்களோடு முழுக்கோட்டாலும் இணைக்க வேண்டும்; எதிருருக்கள் பெற்றவர்களிடமிருந்தே வந்தவை. அடுத்து, காணாமற்போனவர்களும் சிறுவயதில் இறந்தவர்களும். அவர்களை வரைபடத்திலிருந்து விட்டுவிடாதீர்கள். இறந்தவரின் குறியீட்டின் மேல் சாய்கோடு இடலாம். காணாமற்போனவருக்கு வீட்டார் சாய்கோட்டை ஏற்காவிட்டால் அதை இடாதீர்கள், கணக்குக்கு அது தேவையுமில்லை. இயல்பு இருந்ததா இல்லையா என்பது தெரியாதவருக்கு மட்டும் உள்ளே கேள்விக்குறி இடுங்கள். தெரியாத ஒருவரை "இயல்பு அற்றவர்" என்று வெற்றுக் குறியீடாக விடுவதுதான் இங்கே நடக்கும் மோசமான பிழை, ஏனெனில் வெற்றுக் குறியீடு ஒரு சாட்சியமாக எண்ணப்படும்.

தாளில் பெயர்களை எழுத வேண்டாம், இலக்கங்கள் போதும். ஓர் ஊரில் அல்பினிசம் உள்ளவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த வீட்டுத் தங்கையின் குறியீட்டில் நீங்கள் ஊகமாக இட்ட ஒரு புள்ளி கலியாணப் பேச்சு வரை போய்ச் சேரக்கூடும்.

3. வரைபடத்தைக் கீறுங்கள்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பால் தெரியாதவருக்கு அல்லது இன்னும் பிறவாதவருக்குச் சாய்சதுரம். இயல்பு உள்ளவரின் குறியீட்டை முழுவதும் நிழலிடுங்கள். கணவன் மனைவியைக் கிடைக்கோடு இணைக்கும். இரத்த உறவுக்குள் திருமணம் செய்தவர்களை இரட்டைக் கிடைக்கோடு இணைக்கும். பிள்ளைகள் மூத்தவரிலிருந்து இடமிருந்து வலமாக வருவார்கள். தலைமுறைக்கு உரோம இலக்கம், அத்தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் சாதாரண இலக்கம்.

நமது குடும்பம் இது:

```
I               □1 ───┬─── ○2
          ┌───────────┼───────────┐
II □1 ─┬─ ○2          ●3          □4 ─┬─ ○5
     ┌─┴─┐                            │
III  ○1  □2 ════════════╤════════════ ○3
                        │
IV                      ◇1 ?
```

I-1, I-2 ஆகிய இருவருக்கும் இயல்பு இல்லை. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்: மூத்த மகள் II-2, அல்பினிசம் உள்ள இளைய மகள் II-3, கடைசி மகன் II-4. மூத்த மகளின் மகன் III-2, தன் தாய்மாமனாகிய II-4 இன் மகளான III-3 ஐத் திருமணம் செய்திருக்கிறார். III-2 க்கு II-3 சின்னம்மா; III-3 க்கு அவரே மாமி. அவர்களுக்குப் பிறக்கப்போகும் IV-1 க்கு அல்பினிசம் வரும் நிகழ்தகவு என்ன என்பதே கேள்வி.

இயல்பு தன்னில் வெளிப்படாமல் அதன் எதிருரு ஒன்றைச் சுமப்பவரைக் காவி என்கிறோம். இந்த நிலையில் யாரையும் காவி என்று குறிக்க வேண்டாம். இப்போது தாளில் இருப்பது கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே. ஊகம் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதுபவர், பிறகு எது சாட்சியம், எது முடிவு என்று பிரிக்க முடியாமல் திணறுகிறார்.

4. கடத்தப்படும் முறையைத் தீர்மானியுங்கள்

அல்பினிசம் பின்னிடைவானது, அதாவது அதற்கான எதிருரு இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது, என்று பாடநூலில் படித்திருந்தாலும், வரைபடமும் அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: I-1, I-2, அவர்களின் மகள் II-3.

இயல்பு இல்லாத இருவருக்கு இயல்பு உள்ள பிள்ளை பிறந்திருக்கிறது. ஆட்சியான எதிருரு ஒன்று இருந்திருந்தால் அது பெற்றோரில் ஒருவரிலாவது வெளிப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இயல்பு பின்னிடைவானது.

அடுத்து, அது X நிறமூர்த்தத்தில் உள்ளதா? II-3 ஒரு பெண். X இல் உள்ள பின்னிடைவான இயல்பு ஒரு பெண்ணில் வெளிப்படுவதற்கு, அவருடைய இரண்டு X களிலும் அந்த எதிருரு இருக்க வேண்டும். அதில் ஒன்று தகப்பனிடமிருந்து வந்தது. தகப்பனுக்கு ஒரே ஒரு X தான் உண்டு என்பதால், அவருக்கும் இயல்பு இருந்திருக்க வேண்டும். I-1 க்கு இல்லை. ஆகவே இது பால் சாராத நிறமூர்த்தத்தில் உள்ளது.

II-3 ஆணாக இருந்திருந்தால் இந்த இரண்டாவது முடிவை எடுக்க முடியாது. "ஆண்களுக்கே வந்திருக்கிறது, ஆகவே X" என்று ஒரே ஓர் ஆணை வைத்து எழுதும் மாணவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறேன்; ஒருவரை வைத்து அதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

5. கீழிருந்து மேலாக எதிருருக்களை எழுதுங்கள்

நிறம் தரும் ஆட்சியான எதிருருவை A என்றும், பின்னிடைவான எதிருருவை a என்றும் கொள்வோம். C, S போன்ற எழுத்துகளைத் தவிர்ப்பது நல்லது. கையெழுத்தில் பெரியதும் சிறியதும் ஒன்றுபோல் இருப்பதால், பாதி வழியில் எழுதியவருக்கே எது எதுவென்று தெரியாமற்போகும்.

முதலில் நிழலிட்டவர்: II-3 என்பவர் aa. இதில் சந்தேகமில்லை. ஒரு a தாயிடமிருந்தும் ஒரு a தகப்பனிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் இருவருக்கும் இயல்பு இல்லை. எனவே I-1, I-2 இருவரும் Aa, அதாவது உறுதியான காவிகள். இதைப் பெற எந்தச் சதுரமும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

II-3 க்குப் பிள்ளைகள் இருந்திருந்தால், இயல்பு இல்லாத ஒவ்வொருவரும் Aa என்று உறுதியாக எழுதியிருப்போம், ஏனெனில் அவரால் a ஐ மட்டுமே கொடுக்க முடியும்.

இயல்பு இல்லாத மற்றவர்களுக்கு A_ என்று எழுதி நிறுத்துங்கள். அந்த அடிக்கோடு "இரண்டாவது எழுத்து இன்னும் தெரியவில்லை" என்பதைக் காட்டுகிறது. அதை அவசரப்பட்டு A என்றோ a என்றோ நிரப்பினால் அடுத்த படிக்கு வேலையே இல்லாமல் போய்விடும், விடையும் பிழைக்கும்.

வெளியிலிருந்து மணமுடித்து வந்த II-1, II-5 ஆகியோரை, அவர்கள் பக்கத்தில் யாருக்கும் இயல்பு இல்லையென்றால் AA என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இது ஓர் எடுகோள் என்பதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். எழுதும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அவர்கள் உண்மையிலேயே வெளியாரா? ஒரே ஊரில் மாறி மாறிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில், "வெளியிலிருந்து வந்தவர்" I-2 இன் அக்காவின் பேத்தியாக இருக்கக்கூடும். அப்படியானால் AA என்ற எடுகோள் நில்லாது. வரைபடத்தை இன்னொரு தலைமுறை மேலே கொண்டுபோக வேண்டும்.

6. இப்போது சதுரத்தைக் கீறுங்கள்

முதற் சதுரம் I-1 க்கும் I-2 க்கும். ஓரங்களில் வருபவை புணரிகள், அதாவது பெற்றோரின் விந்தும் முட்டையும். ஒரு புணரியில் ஓர் எதிருரு மட்டுமே இருக்கும் என்பதால், ஒரு தலைப்பில் ஓர் எழுத்துத்தான் வரும். தலைப்பில் Aa என்று இரண்டையும் சேர்த்து எழுதுபவருக்கு உள்ளே நான்கு எழுத்துகள் கிடைக்கும். உள்ளே இரண்டுக்கு மேல் வந்தால் பிழை ஓரத்தில்தான் இருக்கிறது.

```
       A     a
A     AA    Aa
a     Aa    aa
```

இந்தச் சதுரத்தை II-2 க்குப் பயன்படுத்தும்போது அவர் காவியாக இருக்கும் நிகழ்தகவு என்ன? நான்கில் இரண்டு கட்டங்கள் Aa என்பதால் 1/2 என்பதே எல்லோரும் முதலில் எழுதும் விடை. அது பிழை.

II-2 ஐ நமக்குத் தெரியும். அவருக்கு அல்பினிசம் இல்லை. எனவே aa என்ற கட்டத்தில் அவர் இருக்கவே முடியாது. அந்தக் கட்டத்தைப் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மீதமுள்ளவை மூன்று கட்டங்கள். அவற்றில் இரண்டு Aa. ஆகவே அவர் காவியாக இருக்கும் நிகழ்தகவு 2/3. இதே காரணத்தால் II-4 க்கும் 2/3.

இன்னும் பிறவாத பிள்ளைக்கு நான்கு கட்டங்களும் திறந்திருக்கும்; பிறந்து, இயல்பு இல்லையென்று கண்ட பிள்ளைக்கு மூன்றே. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவருக்கு மீதிக் கணக்கில் சிக்கல் இராது. அதனால்தான் கட்டத்தை மனத்தால் நீக்காமல் தாளிலேயே வெட்டச் சொல்கிறேன்.

அடுத்த சதுரம் II-1 க்கும் (AA) II-2 க்கும், அவர் Aa ஆக இருக்கும் பட்சத்தில்:

```
       A     A
A     AA    AA
a     Aa    Aa
```

இங்கே வெட்டுவதற்கு aa கட்டமே இல்லை. பாதி AA, பாதி Aa. எனவே தாய் காவியானால், மகன் III-2 காவியாக இருக்கும் நிகழ்தகவு 1/2. III-3 க்கும் தகப்பன் வழியாக இதே சதுரமே பொருந்தும். இரண்டு சதுரங்களில் ஒன்றில் வெட்டினோம், மற்றதில் வெட்டவில்லை. எல்லாவற்றுக்கும் 2/3 போடுபவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

கடைசிச் சதுரம் III-2, III-3 இருவரும் Aa ஆக இருக்கும் பட்சத்தில். அது முதற் சதுரத்தைப் போன்றதே. IV-1 இன்னும் பிறக்கவில்லை என்பதால் எதையும் வெட்டாமல் aa க்கு 1/4 என்று எடுக்கிறோம்.

7. பாதை வழியே பெருக்குங்கள்

IV-1 க்கு இயல்பு வர வேண்டுமானால், எல்லாமே ஒருங்கே நடக்க வேண்டும்: II-2 காவியாக இருந்து III-2 க்கு a ஐக் கொடுத்திருக்க வேண்டும், II-4 காவியாக இருந்து III-3 க்கு a ஐக் கொடுத்திருக்க வேண்டும், பிறகு இருவரும் தங்கள் a ஐப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். "இதுவும், அதுவும்" என்று வரும் இடத்தில் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும்.

```
III-2 காவி:   2/3 × 1/2 = 1/3
III-3 காவி:   2/3 × 1/2 = 1/3
IV-1 aa:      1/3 × 1/3 × 1/4 = 1/36
```

விடை 1/36. முதலிலேயே சதுரத்தைக் கீறியவரின் 1/4 இதைவிட ஒன்பது மடங்கு பெரியது; உடன்பிறந்தோருக்கு 1/2 போட்டவருக்கு 1/64 கிடைத்திருக்கும்.

இந்த எண் பெரியதா சிறியதா என்பதை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். இவ்வகை அல்பினிசம் உலக அளவில் ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவருக்கு உண்டு என்று மதிப்பிடப்படுகிறது. அதிலிருந்து கணக்கிட்டால் காவிகள் சுமார் 70 பேரில் ஒருவர். III-2 உறவில்லாத ஒருவரை மணந்திருந்தால், 1/3 × 1/70 × 1/4, அதாவது ஏறத்தாழ 1/840. மச்சாளை மணந்ததால் வாய்ப்பு சுமார் 23 மடங்கு கூடியிருக்கிறது. ஆனாலும் 36 இல் 35 பங்கு இயல்பற்ற பிள்ளைக்கே. வீட்டாரிடம் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் வீண் பயமோ வீண் தைரியமோதான் மிஞ்சும்.

8. பிள்ளை பிறந்ததும் வரைபடத்தைத் திருத்துங்கள்

IV-1 அல்பினிசத்துடன் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "36 இல் ஒன்று வந்துவிட்டது, இனி வராது" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. உண்மை அதற்கு நேர் எதிரானது.

IV-1 இப்போது aa. மீண்டும் கீழிருந்து மேலாக வாருங்கள். III-2, III-3 இருவரும் உறுதியாக Aa. வெளியார் AA என்ற எடுகோளின்படி, II-2, II-4 இருவரும் உறுதியாக Aa. முன்னர் 2/3, 1/2 என்று எழுதிய பின்னங்கள் எல்லாம் 1 ஆகிவிட்டன. மிஞ்சியிருப்பது கடைசிச் சதுரம் மட்டுமே. அடுத்த பிள்ளைக்கு நிகழ்தகவு 1/4. அதற்கடுத்த பிள்ளைக்கும் 1/4 தான். நான்கு கட்டங்கள் நான்கு பிள்ளைகளைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு கருவுக்கும் அதே நான்கு கட்டங்கள் புதிதாகத் திறக்கின்றன.

பலர் மறந்துவிடும் ஒருவர் III-2 இன் அக்காவான III-1. அவர் காவியாக இருக்கும் நிகழ்தகவு நேற்றுவரை 1/3. தம்பியின் பிள்ளை பிறந்த பிறகு, தாய் II-2 உறுதியான காவி என்று தெரிந்துவிட்டதால், அது 1/2 ஆகிறது. அவருடைய உடலில் எதுவும் மாறவில்லை. நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது. ஒரு குறியீட்டை நிழலிட்டதும் வரைபடம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

9. வரைபடமும் சதுரமும் ஒத்துவராத இடம்

சில வேளைகளில் கணக்கு தடுமாறும். அல்பினிசம் உள்ள இருவர் மணந்து, aa × aa என்ற சதுரத்தின்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு வர வேண்டிய இடத்தில், எல்லோரும் கறுத்த முடியோடு பிறப்பதுண்டு. உடனே பிள்ளைகளின் தகப்பனைப் பற்றி ஐயுறுவது நியாயமல்ல.

மெலனின் உருவாவதற்குப் பல பரம்பரையலகுகள் வேலை செய்ய வேண்டும். தைரோசினேஸ் நொதியத்துக்கான அலகு 11 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இன்னொரு வகை அல்பினிசத்துக்குக் காரணமான அலகு 15 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. தகப்பனிடம் முதலாவதும் தாயிடம் இரண்டாவதும் பழுதாக இருந்தால், அவர்கள் aaBB, AAbb. பிள்ளைகள் யாவரும் AaBb, யாவருக்கும் நிறம் உண்டு. ஓர் எழுத்துச் சோடியை வைத்து இதை விளக்க முடியாது. இரண்டு சோடிகள் வேண்டும். ஆகவே அல்பினிசம் உள்ள இருவர் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து வந்தவர்களாயின், இருவருக்கும் ஒரே a என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நமது எடுத்துக்காட்டில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், தேடும் a முழுவதும் I-1, I-2 என்ற ஒரே சோடியிலிருந்து இறங்கியதுதான்.

கண்ணை மட்டும் பாதிக்கும் அல்பினிசம் வேறொன்று. அது X நிறமூர்த்தத்தோடு கடத்தப்படுவதால் பெரும்பாலும் ஆண்களிலேயே காணப்படும். தோலும் மயிரும் ஏறத்தாழ வழமையாக இருக்கும். முதற் படியில் எழுதிய வரையறை அத்தகையவரைத் தனியே பிரித்துவிடும். அவருக்கு வேறு தாளில் வேறு வரைபடம் கீற வேண்டும்.

வரைபடம் தரும் 2/3, 1/3 போன்ற எண்கள் ஒருவரைப் பற்றிய சோதனை முடிவுகள் அல்ல. III-2 உண்மையில் காவியா இல்லையா என்பதைப் பரம்பரையலகுச் சோதனையே சொல்லும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற இடங்களில் இதற்கான ஆலோசனை உண்டு. அங்கே போகும் குடும்பம், நீங்கள் கீறிய தாளின் பிரதியையும், அதன் ஓரத்தில் எழுதிய எடுகோள்களையும் கையோடு கொண்டுபோகட்டும். மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் வம்சாவளியைத்தான்.